அரசு, ஆல், அத்தி, இத்தி: இலைநுனி, காம்பு, காய் இவற்றைக் கொண்டு படத்தில் இனங்காணும் முறை

செங்கல்பட்டு ஜில்லாவில் மறைமலைநகர் முதல் மாமல்லபுரக் கடற்கரை வரையிலுள்ள கிராமங்களில் ஏரி மதகின் சுவரிலும், கிணற்றுக் கட்டின் இடுக்கிலும், பனையின் மட்டையடியிலும் எவரும் நடாமலே முளைத்து வளரும் கன்றுகள் பலவற்றைக் காணலாம். இவற்றுள் பெரும்பாலானவை ஆல், அரசு முதலிய பால்மர ஜாதியைச் சேர்ந்தவை. பறவைகளும் வௌவால்களும் பழத்தைத் தின்று எச்சமிடுவதால் இவை ஆங்காங்கு வந்து சேருகின்றன. கன்று சுண்டுவிரற் பருமனாக இருக்கும் காலத்தில் அதன் பெயரைச் சரியாக அறிந்து செய்யவேண்டியதைச் செய்துவிட்டால் அரைநாள் வேலையோடு விஷயம் முடியும். பெயரை மாற்றிச் சொல்லி விட்டுவிட்டாலோ, பத்து வருஷத்தில் மதகின் இறக்கைச் சுவர் பிளந்து, கட்டடத்தையே பிரித்துக் கட்டவேண்டி வரும்.

பெயர் மாறுவது மிகச் சாதாரணமாக நடப்பது. அரசென்று தெரிந்தால் அதை வெட்ட எவருக்கும் கை வராது. ஆகவே "இது பூவரசுதான், இருக்கட்டும்" என்று சொல்லிவிடுவது எளிது. ஆலென்று நினைத்துப் பட்டையை உரித்து மருந்துக் கடைக்கு அனுப்பிய பின், அது வேறு மரம் என்று திரும்பி வருவதும் உண்டு. கிராம நிர்வாக அலுவலர் புறம்போக்கு மரங்களைக் கணக்கில் எழுதும்போது, ஒரே மரத்தை ஒரு வருஷம் இச்சியென்றும் மறு வருஷம் கல்லாலென்றும் எழுதினால், வெட்டும் அனுமதிக்கு மனு வரும் காலத்தில் எந்த மரத்தைப் பற்றிய மனு என்பதே விளங்காமற் போகும். இக்காலத்தில் கையிலுள்ள தொலைபேசியிலேயே படம் பிடித்து விவசாய உதவி அலுவலருக்கோ, தாவர சாஸ்திரம் கற்றவர்களுக்கோ அனுப்பி விடை பெறுவது சுலபமாயிற்று. ஆனால் அனுப்பப்படும் படங்களிற் பெரும்பகுதி தூரத்தில் நின்று மரம் முழுவதையும் எடுத்தவையாக இருப்பதால், அவற்றைக் கொண்டு பால்மரம் என்பதற்கு மேல் ஒன்றும் கூற இயலாது. எந்த உறுப்பை எப்படிப் பார்க்கவேண்டும், எப்படிப் படம் பிடிக்கவேண்டும் என்பதே இங்கு சொல்லப்படுவது.

முதலாவது, கன்று பால்மர ஜாதிதானா என்று தெளிய வேண்டும். ஓர் இலையைக் காம்போடு ஒடித்தால் வெண்ணிறப் பால் வடியவேண்டும். கிளையின் முனையில் கூர்மையான ஊசி போன்ற மொட்டொன்று இருக்கும். அதை மூடியிருக்கும் உறை விழுந்தபின் கிளையைச் சுற்றி மோதிரம் போன்ற ஒரு வடு நிற்கும். ஒவ்வொரு கணுவிலும் இவ்வளையம் காணப்படும். பாலும் வளையமும் சேர்ந்திருந்தால் ஆல், அரசு, அத்தி வர்க்கம் என்று கொள்ளலாம். பலாவுக்கும் இவ்விரண்டும் உண்டென்றாலும் பலாவை அறியாத குடியானவர் இரார். எருக்கில் பால் உண்டு, ஆனால் வளையமில்லை. பூவரசிலோ இலையை ஒடித்தால் வெண்பால் வாராது. இந்தச் சோதனை ஒரு நிமிஷத்தில் முடிவது. இருந்தும் இதனைச் செய்யாமலே இலையின் வடிவத்தை மட்டும் கண்டு பெயரிடுவதினால்தான் அரசும் பூவரசும் ஒன்றுக்கொன்று மாறுகின்றன.

பாலென்று தெரிந்தபின் இலைநுனியைப் பார்க்கவேண்டும். அரசின் இலை அகன்று இருதய வடிவாயிருந்து, நுனியில் திடீரென்று குறுகி மெல்லிய வால்போல் நீளுகின்றது. இவ்வாலின் நீளம் இலைத்தகட்டின் முழு நீளத்தில் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும். "கூர்மையாயிருக்கிறது" என்று வாயாற் சொல்வதில் பயனில்லை. பல மரங்களின் இலை கூர்மையாகத்தான் இருக்கின்றது. வாலை அளந்து, தகட்டின் நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே உறுதி தரும். ஆலின் இலையில் இத்தகைய வால் கிடையாது. அது முட்டை வடிவாய்த் தடித்துத் தோல்போன்று, நுனி மழுங்கியிருக்கும். சிலவற்றில் மிகச் சிறிய மொட்டைக் கூர் இருந்தாலும் அதை வாலென்று சொல்ல முடியாது. அடியிலிருந்து மூன்று முதல் ஐந்து வரையிலான தடித்த நரம்புகள் விரிந்து செல்வதும், இளவிலையின் அடிப்புறத்தில் நுண்ணிய மயிர் படர்ந்திருப்பதும் ஆலின் குறிகளே.

இவ்விரண்டிற்கும் நடுவில் நிற்பவைதாம் தொல்லை கொடுப்பவை. இச்சி, இத்தி, குருகு என்றெல்லாம் வழங்கும் மரங்களின் இலை நீண்டு குறுகியதாய், நுனியில் ஒரு சென்டிமீட்டர் அல்லது சற்று அதிகமான கூர் உடையதாயிருக்கும். அதைக் கண்டவுடன் அரசின் வாலோ என்று ஐயப்படுதல் இயல்பு. ஆனால் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள இலையில் ஒரு சென்டிமீட்டர் கூர் என்பது பத்தில் ஒரு பங்குதான். அரசில் கால்பங்குக்குக் குறைவது அபூர்வம். மேலும் இவற்றின் அடி அரசைப்போல் அகன்று இருதய வடிவாயிராமல், வட்டமாகவோ ஒடுங்கியோ இருக்கும்.

பாறைக் குன்றுகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. கொடியரசு அல்லது காட்டரசு எனப்படும் மரம் பாறை வெடிப்புகளில் வளரும் இயல்பினது. அதன் இலை அரசைப்போலவே அகன்றிருந்தாலும் வால் அவ்வளவு நீளாது. இலைக்காம்பு பல வேளைகளில் இளஞ்சிவப்பாயிருக்கும். கல்லால் என்பதும் பாறைமேல் வேர்பரப்பி வாழ்வதே. அதன் இலையின் அடிப்புறம் வெல்வெட்டுப்போல் மயிரடர்ந்திருக்கும், அளவிலும் ஆலிலையினும் சிறியது. ஆகவே கருங்கற் குன்றின் மேலிருந்து ஒருவர் அரசு, ஆல் என்று படம் அனுப்பும்போது இவ்விரண்டையும் நினைத்துக்கொண்டே பார்க்கவேண்டும்.

இனிக் காம்பு. அரசின் இலைக்காம்பு நீண்டு மெலிந்தது. தகட்டின் நீளத்தில் பாதிக்குமேல் இருப்பதும், சிலவற்றில் ஏறக்குறைய தகட்டளவே இருப்பதும் உண்டு. அகன்ற தகடு மெல்லிய காம்பில் தொங்குவதால்தான் வேறு மரங்கள் அசையாதிருக்கும் வேளையிலும் அரசிலை சலசலக்கின்றது. ஆலின் காம்பு குட்டையானது, தடித்தது, இளமையில் மயிருள்ளது. இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை இருப்பது வழக்கம். சிறிய தடித்த இலைகளோடு தெருவோரங்களில் நிழலுக்காக வைக்கப்படும் இத்தியில் காம்பு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று முன்பின்னாகவே இருக்கும். குருகில் காம்பு நான்கைந்து சென்டிமீட்டர் வரை நீண்டு மெலிந்திருக்கும். ஆகவே நுனியில் ஐயம் நின்றால் காம்பு அதைத் தீர்க்கும். அதனாலேயே இலையைக் காம்பின்றிக் கிள்ளி அனுப்புவதும், காம்பு படத்தின் விளிம்பில் வெட்டுப்படும்படி எடுப்பதும் பயனற்றவை.

இவ்விடத்தில் பெயரைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். அத்தி, இத்தி, ஆல், அரசு என்னும் நான்கையும் நாட்டு வைத்தியத்தில் நாற்பால் மரங்களென்று சேர்த்துச் சொல்வர். இவற்றுள் ஆல், அரசு, அத்தி என்ற மூன்றிலும் தகராறில்லை. இத்தி என்பதிலோ ஊருக்கு ஊர் கொள்கை வேறு. ஓரிடத்தில் சிறிய தடித்த இலையுள்ள மரத்தை இத்தி என்பர். வேறோரிடத்தில் நீண்ட காம்புள்ள குருகை இத்தி என்பர். இன்னோரிடத்தில் இரண்டையும் இச்சி என்றே சொல்லிவிடுவர். எது சரியென்று வழக்காடுவதிற் பயனில்லை. கணக்கில் எழுதுகிறவர் ஊர்ப்பெயரோடு தாவர நூற்பெயரையும் தமிழெழுத்திலேயே குறித்துவிட்டால் போதும். அரசு பைக்கஸ் ரெலிஜியோசா, ஆல் பைக்கஸ் பெங்காலென்சிஸ், அத்தி பைக்கஸ் ரசிமோசா. இம்மூன்று பெயர்களும் 1753-ம் வருஷத்தில் லின்னேயஸ் என்னும் ஸ்வீடன் தேசத்து அறிஞர் இட்டவை. சிறிய தடித்த இலையுள்ள இத்தி பைக்கஸ் மைக்ரோகார்ப்பா. குருகு பைக்கஸ் வைரன்ஸ்.

காயைப்பற்றிச் சற்று விரித்துச் சொல்வது அவசியம், ஏனெனில் முடிவான தீர்ப்பு அதனிடமே இருக்கின்றது. இவ்வர்க்கத்தில் நாம் காயென்பது உண்மையில் பூக்களை உள்ளே வைத்து மூடிய ஒரு பை. அதன் நுனியில் செதிள்களால் அடைக்கப்பட்ட சிறு கண் உண்டு. அதன் வழியாய் ஒவ்வொரு மரத்துக்கும் உரிய சிறு குளவி நுழைந்து உள்ளிருக்கும் பூக்களுக்கு மகரந்தம் சேர்க்கின்றது. அத்திப்பூவைக் காண முடியாதென்ற வழக்கும் இதனால் ஏற்பட்டதே. கத்தியால் நெடுக்காய்ப் பிளந்தால் உட்சுவரெங்கும் நெருங்கி நிற்கும் நுண்பூக்களைப் பார்க்கலாம்.

அரசின் காயும் ஆலின் காயும் இலைக்கக்கத்தில் இரண்டிரண்டாய், காம்பின்றிக் கிளையோடு ஒட்டியிருக்கும். ஆலின் காய் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் குறுக்களவுள்ளது, மேலே நுண்மயிர் உடையது, பழுத்தால் செங்கல்போற் சிவக்கும். அரசின் காய் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான், மயிரற்றது, பழுத்தால் கருஞ்சிவப்பு ஊதாவாகும். குருகின் காயும் இத்தியின் காயும் இவற்றிலும் சிறியவையாய், இத்தியில் காம்பின்றியும், குருகில் காம்பின்றியோ மிகக் குறுகிய காம்போடோ இருக்கும். குருகின் காய் வெளிறிய நிறத்தில் புள்ளிகளோடு தோன்றும். அதன் இலைகள் உதிர்ந்தபின் வெறுங்கிளைகளிலும் காய்கள் நிற்பதால், இலையோடு சேர்த்துப் படம் கிடைக்காமற் போவதுண்டு. அப்போது கீழே விழுந்த இலையை எடுத்துக் கிளைக்குப் பக்கத்தில் வைத்துப் படம் பிடிப்பவர்கள், அது அம்மரத்தின் இலைதான் என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். நெருங்கி நிற்கும் இரு பால்மரங்களின் சருகு கலந்து கிடப்பது வழக்கமானபடியால் இவ்வெச்சரிக்கை வீணன்று.

அத்தியில் காய் நிற்குமிடமே தனி. அது இலைக்கக்கத்தில் வாராமல், அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் இலையற்ற குறுங்கிளைகளில் குலைகுலையாய்த் தொங்கும். ஒவ்வொரு காய்க்கும் தனிக்காம்பு உண்டு. பழுத்தால் சிவந்து, மற்றவற்றிலும் பெரிதாயிருக்கும். பேயத்தியும் அடிமரத்திலும் தொங்கு கிளைகளிலும் காய்ப்பதேயானாலும், காய் மயிரடர்ந்து சொரசொரப்பாயிருக்கும். பழுத்தால் சிவக்காமல் மஞ்சட்பசுமையாகும். இலை உப்புத்தாள்போற் சுரசுரத்து, கணுவொன்றுக்கு இரண்டு எதிரெதிராய் நிற்பதும், இளங்கிளை உள்ளே துளையாயிருப்பதும் பேயத்தியை ஐயமின்றிக் காட்டும். வாய்க்கால் ஓரத்தில் வளரும் இதை அத்தியென்று மயங்குகிறவர்கள் விரலால் இலையை ஒருமுறை தடவிப் பார்த்தால் போதும். பேயத்தியில் வித்துண்டாகும் மரமும் மகரந்தமுண்டாகும் மரமும் வெவ்வேறாயிருப்பதால், இரண்டு மரங்களின் காய்களைப் பிளந்து பார்க்கையில் உள்ளே வேறாகத் தோன்றினாலும் ஜாதி வேறென்று கருதலாகாது.

காயைப்பற்றிய தவறுகளில் இரண்டு அடிக்கடி நேர்வன. அத்தி இலைகளின்மேல் பூச்சிகளால் உருண்டையான கொப்புளங்கள் உண்டாகும். தூரத்திலிருந்து எடுத்த படத்தில் இவை காய்போலவே தெரியும். காய் ஒருபோதும் இலைத்தகட்டின்மேல் முளைப்பதில்லை என்பதையும், கொப்புளத்தின் நுனியில் கண்ணில்லை என்பதையும், பிளந்தால் உள்ளே பூக்களில்லை என்பதையும் நினைவிற்கொண்டால் மயக்கம் தீரும். இரண்டாவது பூவரசின் காய். அது உருண்டு, இரண்டரை முதல் மூன்றரை சென்டிமீட்டர் அகலமாய், நீண்ட காம்போடு நிற்கும். அதன் அடியில் தட்டுப்போன்ற புல்லிவட்டம் இருக்கும். பிளந்தால் மஞ்சட் பாலும் பெரிய விதைகளும் காணப்படும். பூவரசு பருத்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. பருத்தியைக் கெடுக்கும் சிவப்பு நாவாய்ப்பூச்சிக்கு அதன் விதை உணவாகின்றதால், பருத்தி விதைப்பவர்கள் இம்மரத்தை வேறு காரணத்துக்காகவும் இனங்கண்டு வைத்துக்கொள்வது நல்லது.

விழுதைப்பற்றி இதுவரை சொல்லாதது வேண்டுமென்றே விடப்பட்டது. ஆல் என்றால் விழுது என்பது எல்லாருக்கும் தெரியும். சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபைத் தோட்டத்திலுள்ள பேராலின் தாய்த்தண்டு 1989-ம் வருஷத்துப் புயற்காற்றில் சாய்ந்தும், விழுதுகள் தாங்கியமையால் மரம் இன்றும் நிற்கின்றது. கல்கத்தாவை அடுத்த ஹௌராத் தோட்டத்துப் பேராலில், காளான் நோய்கண்ட தாய்த்தண்டை 1925-ம் வருஷத்தில் வெட்டியெடுத்துவிட்டனர். அதுவும் அவ்வாறே வாழ்கின்றது. ஆனால் இளங்கன்றில் விழுது இராது. மாடு கடித்தும், சாலையில் இடைஞ்சலென்று வெட்டியும், வயதான ஆலிலும் விழுதில்லாமற் போவதுண்டு. மறுபுறம், இத்தியும் குருகும் அடிமரத்தைச் சுற்றிச் சில மெல்லிய வேர்களைத் தொங்கவிடுகின்றன. ஆதலால் விழுதைக் கண்டு ஆலென்றும், காணாமையால் ஆலன்று என்றும் முடிவு கட்டுவது பிழைக்கு வழி.

படம் பிடிப்பதில் பின்வரும் முறை எளிதாக இருக்கும். கிளையில் முதிர்ந்த இலைகளாய் மூன்றைத் தேர்ந்து, காம்பின் அடியோடு கிள்ளவேண்டும். துளிர் இலையும், வெட்டிய அடிக்கட்டையில் வேகமாய்த் தழைத்த குருத்தின் இலையும் வேண்டா. அவை அளவில் மாறுபடும். நுனி பூச்சி கடித்தோ காற்றிற் கிழிந்தோ போகாத இலையாக இருக்கவேண்டும். கடற்கரை ஊர்களில் காற்று வலுத்து அரசின் வால் ஒடிந்துபோன இலைகளே பல நேரங்களில் கைக்கு எட்டுகின்றன. வாலொடிந்த அரசிலை கொடியரசைப்போலத் தோன்றும். மூன்றிலை என்று சொன்னதற்கு அதுவே காரணம்.

இலைகளை வெள்ளைத் தாளின்மேல் ஒன்று மேற்புறமாகவும் ஒன்று கீழ்ப்புறமாகவும் பரப்பி, அருகில் பள்ளிப்பிள்ளைகள் வைத்திருக்கும் அளவுகோலை வைக்கவேண்டும். சிலர் நாணயத்தை வைக்கிறார்கள்; ஒரு ரூபாய் நாணயமே காலத்துக்குக் காலம் வெவ்வேறு அளவில் அச்சிடப்பட்டிருப்பதால் அது நம்பத்தக்க அளவன்று. தொலைபேசியைத் தாளுக்கு நேர்மேலே மட்டமாய்ப் பிடித்து, இலை படத்தின் நடுவில் வரும்படி எடுக்கவேண்டும். சாய்த்துப் பிடித்தால் அருகிலுள்ள காம்பு நீண்டும் தூரத்திலுள்ள நுனி குறுகியும் தோன்றி, நாம் அளக்கவேண்டிய விகிதமே கெட்டுவிடும். நேர்வெயிலில் ஆலிலையின் பளபளப்பு நரம்புகளை மறைத்துவிடுவதால் நிழலில் எடுப்பது மேல்.

அடுத்த படம், காயும் கணுவும் கிளையோடு சேர்ந்திருக்கும்படி அருகில் நின்று எடுப்பது. காயைப் பறித்து உள்ளங்கையில் வைத்து எடுக்கும் படத்தால், அது எங்கே நின்றது, காம்பிருந்ததா என்ற முக்கியமான செய்தி போய்விடுகின்றது. கிளைக்குப் பின்னால் ஒரு தாளையோ துண்டையோ பிடித்துக்கொண்டால் தொலைபேசி பின்னணியிலுள்ள வானத்தைக் குறிவைத்துக் காயை மங்கலாக்காது. மூன்றாவதாக அடிமரத்தை வேரோடு ஒருமுறையும், மரம் முழுவதையும் ஒருமுறையும் எடுத்தால் போதுமானது. ஊர், தேதி, மரம் நிற்குமிடம், பால் வந்ததா இல்லையா என்பவற்றை எழுதிச் சேர்க்கவேண்டும். பால் படத்தில் தெரிவதில்லை.

இம்முறையை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். மறைமலைநகருக்குத் தெற்கே ஒரு ஏரியின் கரையில் மூன்று மரங்களைப்பற்றி விடை வேண்டியிருக்கிறதென்று வைத்துக்கொள்வோம்.

முதலாவது, மதகின் இறக்கைச் சுவரில் இடுப்பளவு நிற்கும் கன்று. ஊரார் அதைப் பூவரசு என்கின்றனர். காயில்லை. இலையின் தகடு வாலோடு 14 சென்டிமீட்டர், வால் மட்டும் 4, காம்பு 8. நாலைப் பதினாலால் வகுத்தால் கால்பங்குக்கு மேல் வருகின்றது. காம்பு தகட்டிற் பாதிக்கு மேல் இருக்கின்றது. ஒடித்த காம்பில் வெண்பால் வந்தது. ஆகவே காய் இல்லாவிட்டாலும் இது அரசென்பதில் ஐயமில்லை. பூவரசின் விதை பறவை எச்சத்தின் வழியாய்ப் பரவுவதன்று என்பதும், சுவரிடுக்கில் ஆள் உயரத்தில் முளைத்தது பூவரசாயிருப்பது அரிது என்பதும் இதற்குத் துணை. இக்கன்றை வேரோடு எடுக்கவேண்டும். மேலே வெட்டிவிடுவதால் பயனில்லை. அடியிலிருந்து இரண்டு மூன்று குருத்துகள் தழைத்து, வேர் முன்னிலும் தடிக்கும். மழைக்குப்பின் சுவர் ஈரமாயிருக்கும்போது இளங்கன்றைக் கையாலேயே உருவலாம். வேர் கல்லின் இடுக்கிற் புகுந்திருந்தால், அந்தக் கற்களை மட்டும் பெயர்த்து வேரை முழுவதும் எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு அல்லது சிமெண்டுச் சாந்தால் இடுக்கை அடைத்துவிடவேண்டும். குடிநீருக்கோ மீனுக்கோ பயன்படும் ஏரியின் மதகில் களைக்கொல்லி ஊற்றுவது தகாது. கன்றைக் கொல்ல மனமில்லாதவர் வேரோடு எடுத்ததைக் கட்டடங்களுக்கு வெகு தூரத்தில் நடலாம். அரசுக் கன்று மழைக்காலத்தில் எளிதிற் பிழைக்கும்.

இரண்டாவது, கரையின் கோடியில் நிற்கும் பெரிய மரம். அடிமரத்தில் சில வேர்கள் தொங்குவதைக் கண்டு அதை ஆலென்று கணக்கில் எழுதியிருக்கின்றனர். இலையின் நீளம் 12 சென்டிமீட்டர், அகலம் 5, நுனியிற் கூர் 1 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், காம்பு மெலிந்து 4 சென்டிமீட்டர். காய்கள் இரண்டிரண்டாய்க் கக்கத்தில், 1 சென்டிமீட்டருக்குக் குறைவாய், வெளிறிப் புள்ளியோடிருக்கின்றன. ஆலாயிருந்தால் இலையகலம் இவ்வளவு குறையாது, நுனி மழுங்கும், காய் இதைப்போல் இருமடங்கு இருக்கும். அரசாயிருந்தால் வால் 3 சென்டிமீட்டருக்குக் குறையாது. ஆகவே இது குருகு. கணக்கில் ஆலென்பதை மாற்றி, ஊர்ப்பெயரும் தாவரப் பெயரும் சேர்த்து எழுதவேண்டியது. ஆலம்பட்டை என்று இதன் பட்டையை ஏலம் விடலாகாது என்பதும் இதிலிருந்து விளங்கும்.

மூன்றாவது, கரையடியிலுள்ள பனையின் மட்டையிடுக்கில் வளரும் கன்று. இலை 9 சென்டிமீட்டர் நீளம், 6 அகலம், நுனி மழுங்கியிருக்கின்றது, காம்பு 2 சென்டிமீட்டர், தடித்தது, இளவிலையின் அடியில் மயிருண்டு. கன்று சிறியதாகையால் இலை வழக்கமான அளவை எட்டவில்லை, ஆயினும் நுனியும் காம்பும் ஆலென்றே கூறுகின்றன. இதன் வேர் இன்னும் பாதி மரம்தான் இறங்கியிருக்கின்றது. வேர் தரையைத் தொடும்வரை கன்று மட்டையிடுக்கிலுள்ள தூசியையும் மழைநீரையும் நம்பி மெதுவாகவே வளரும். தொட்டபின் வளர்ச்சி பன்மடங்காகும். பனைத்தண்டு மற்ற மரங்களைப்போல் ஆண்டுதோறும் பருக்காததால் ஆலின் வேர் அதை நெரித்துக் கொல்வது குறைவு. ஆனால் ஆலின் தழை பனையின் முடியை மூடி வெயிலைத் தடுத்து, பாளை வருவதைக் குறைத்து, முடிவில் பனையை ஒழித்துவிடும். பதநீருக்கோ நுங்குக்கோ பனையை நம்பியிருப்பவர்கள், ஏறுகிறவரைக்கொண்டு வேர் தரை தொடுமுன்பே கன்றை எடுத்துவிடுவது சுலபம். சில ஊர்களில் பனையும் ஆலும் தழுவி நிற்பதை வணக்கத்துக்குரியதாகக் கருதி விட்டுவைப்பர். அது அவரவர் விருப்பம்.

மேற்சொன்ன மூன்றிலும் இரண்டில் காயின்றியே பெயர் தெரிந்ததைக் கவனிக்கவும். அரசும் ஆலும் இலையிலேயே தெளிவாகத் தெரிபவை. நடுத்தரமான இலையுள்ள ஜாதிகளில், முக்கியமாக இச்சி என்று பொதுவாய்ச் சொல்லப்படுபவற்றில், காயின்றி உறுதி சொல்ல முயல்வது தகாது. இம்மரங்கள் ஒரே பருவத்தில் காய்ப்பதில்லை. ஒரே ஊரில் ஒரு மரம் காய்த்திருக்கும்போது அடுத்தது வெறுமையாயிருக்கும். ஆகையால் "காயில்லை" என்று திரும்பிவிடாமல், இரண்டு மாதம் கழித்து மறுபடி சென்று பார்ப்பதே வழி. வீட்டு வேலிக்கும் தொட்டிக்குமாக நாற்றுப்பண்ணைகளில் விற்கும் அழகுச்செடிகளில் இவ்வர்க்கத்தைச் சேர்ந்தவை பல உண்டு. அவற்றின் இலை கத்தரித்துக் கத்தரித்து உருமாறியிருப்பதால், இங்கு சொன்ன அளவுகளைக்கொண்டு அவற்றைத் தீர்மானிக்கலாகாது.

படத்தாலும் தீராதவற்றுக்குக் காய்ந்த மாதிரியே வேண்டும். கேம்பிள், பிஷர் என்பவர்கள் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாய் வெளியிட்ட சென்னை மாகாணத் தாவர நூலும் இத்தகைய மாதிரிகளைக்கொண்டே எழுதப்பட்டது. கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவர ஆய்வுத்துறையின் தென்மண்டல நிலையத்தில் தென்னாட்டு மாதிரிகள் ஏராளமாய்ச் சேமிக்கப்பட்டிருக்கின்றன. அங்கு அனுப்புவதற்கு, மூன்று நான்கு இலைகளும் முனைமொட்டும் காயும் உள்ள ஒரு முழ நீளக் கிளையை வெட்டி, செய்தித்தாள்களின் நடுவில் பரப்பி, மேலே கனமான பலகை வைத்து அழுத்தவேண்டும். இலைகளில் ஒன்றையேனும் அடிப்புறம் மேலாக இருக்கும்படி திருப்பவேண்டும். தாள் ஈரத்தை உறிஞ்சுவதால் முதல் வாரத்தில் தினமும் மாற்றவேண்டும்; மாற்றாவிட்டால் பால் வடிந்து தாளோடு ஒட்டிப் பூஞ்சணம் பிடிக்கும். காய் தடித்து மெதுவாய்க் காய்வதால், ஒன்றிரண்டை நெடுக்காய்ப் பிளந்து தனியாய்க் காயவைத்து, மரத்தின் எண்ணை எழுதிய உறையிலிட்டு மாதிரியோடு சேர்த்துக் கட்டவேண்டும்.